ஹீட்டர் ராடில் ஐஎஸ்ஐ முத்திரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசம் பக்கம் வயரிங் வேலை பார்க்கிறேன். கார்த்திகை பிறந்து மழை விட்டு விட்டுப் பெய்ய ஆரம்பித்ததும், தண்ணீர் சுடவைக்கும் ராடு பற்றித்தான் கேள்வி வரும். முத்திரை இருக்கிறது என்று நம்பி வாங்கினார்கள், இல்லை என்கிறேன். அப்புறம் யாரிடம் சொல்வது என்று கேட்கிறார்கள். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன். பெரும்பாலும் ராடைப் பற்றித்தான். பொம்மை பற்றியும் கேட்டிருக்கிறார்கள், அது கடைசியில் வருகிறது.

"அண்ணே, ராடில் ஐஎஸ்ஐ போட்டிருக்கு, கடைக்காரரே காட்டினார். நீங்க ஏன் இல்லைங்கிறீங்க?"

அவர் காட்டியது வயர். நிறைய பேர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

ஒரு ராடில் மூன்று தனித்தனிப் பொருள்கள் இருக்கின்றன. தண்ணீருக்குள் போகிற உலோகக் குழாயும் அதன் தலையும் சேர்ந்தது ராடு. அதிலிருந்து வருவது வயர், அதன் முனையில் பிளக். மூன்றுக்கும் தனித்தனித் தர எண் உண்டு: ராடுக்கு IS 368, பிவிசி வயருக்கு IS 694, பிளக்குக்கு IS 1293. வயர் கம்பெனி முறைப்படி உரிமம் வாங்கி வயரில் முத்திரை அச்சடித்திருக்கும், பிளக் கம்பெனியும் அப்படியே. அந்த இரண்டையும் வாங்கி, எந்த உரிமமும் இல்லாத ஒருவர் ஒரு குழாயில் மாட்டி ராடு என்று விற்கலாம். அப்போது முத்திரை உண்மைதான், ஆனால் அது வயருக்கு உண்டான முத்திரை. தண்ணீருக்குள் இறங்கப்போகிற பகுதியை யாரும் சோதித்ததாக அதற்கு அர்த்தம் இல்லை.

அதனால் ராடின் தலையில், வாட், வோல்ட் எழுதியிருக்கிற இடத்தில் பாருங்கள். ஐஎஸ்ஐ சின்னம், அதற்கு மேலே IS 368, கீழே CM/L என்று தொடங்கி ஓர் உரிம எண். இந்த மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியில் மட்டும் "ஐஎஸ்ஐ தரம்" என்று அச்சடித்திருந்தால் அதை நம்பாதீர்கள், பெட்டியை எந்த அச்சகத்திலும் அடிக்கலாம். CE என்று போட்டிருப்பதும் நம் ஊருக்கு ஆகாது, அது ஐரோப்பாவில் விற்பதற்காகத் தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்வது. ISO 9001 என்பது கம்பெனியின் வேலைமுறைக்குக் கொடுக்கும் சான்று, உங்கள் கையில் இருக்கிற ராடைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

"ஐஎஸ்ஐ கட்டாயமா, இல்ல இருந்தா நல்லதுங்கிற மாதிரியா?"

ராடுக்குக் கட்டாயம். மின்சாதனங்களுக்கான தரக்கட்டுப்பாட்டு ஆணை 2003இலேயே வந்துவிட்டது. ஹீட்டர் ராடு, அயர்ன் பாக்ஸ், மின் அடுப்பு, வயர், சுவிட்ச் எல்லாம் அதற்குள் வருகின்றன. முத்திரை இல்லாமல் தயாரிப்பது மட்டுமல்ல, விற்பது, கடையில் அடுக்கி வைப்பது, குடோனில் சேமிப்பது எல்லாமே 2016ஆம் ஆண்டு இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் தடுக்கப்பட்டவை. "நான் தயாரிக்கலை, வாங்கி விக்கிறேன்" என்று கடைக்காரர் சொன்னால் அது சட்டத்தில் நிற்காது.

"CM/L நம்பர் இருக்கு. அது நிஜமா, சும்மா அடிச்சதா எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

போனில் BIS Care என்ற செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், ஐஎஸ்ஐ முத்திரைக்கு உரிமம் கொடுக்கிற இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் செயலி அது, காசு இல்லை. அதில் Verify Licence Details என்று ஒரு இடம் வரும். CM/L எண்ணை அங்கே கொடுத்தால் அந்த உரிமம் யாருடையது, எந்த முகவரி, எந்தப் பொருளுக்கு, இப்போது நடப்பில் இருக்கிறதா என்று காட்டும்.

நம்பர் கொடுத்ததும் ஏதோ ஒரு கம்பெனி பெயர் வந்துவிட்டால், சரி, உண்மைதான் என்று பலரும் செயலியை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள். முதலில் IS எண்ணைப் பாருங்கள், 368 என்று இருக்க வேண்டும். 694 என்று வந்தால் யாரோ ஒரு வயர் கம்பெனியின் நம்பரை ராடில் குத்தியிருக்கிறார்கள், அல்லது நீங்களே வயரில் இருந்த நம்பரை எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். அடுத்து கம்பெனி பெயரும் ஊரும் பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கடைசியாக உரிமத்தின் நிலை. காலாவதியானது, ரத்தானது என்று காட்டினால் ராடில் போட்டிருக்கிற தயாரிப்பு மாதத்தோடு ஒப்பிடுங்கள். உரிமம் உயிரோடு இருந்தபோது செய்த பழைய சரக்காகவும் இருக்கலாம், செத்த பிறகு குத்தியதாகவும் இருக்கலாம்.

செல்போன் சார்ஜர், அடாப்டர் மாதிரிப் பொருள்களில் CM/L தேடாதீர்கள், அவற்றுக்கு R- என்று தொடங்கும் வேறு எண். அதைச் சரிபார்க்க அதே செயலியில் தனி இடம் இருக்கிறது.

"2000 வாட்னு போட்டிருக்கு, தண்ணி சுட மாட்டேங்குது. வாட் பொய்யா இருக்குமா?"

இருக்கும். எங்கள் சித்தி வீட்டில் நடந்ததையே சொல்கிறேன்.

போன கார்த்திகையில் கும்பகோணத்தில் ஒரு கடையில் வாங்கிய ராடு. கடையின் பெயரும் பொருளின் பெயரும் இங்கே வேண்டாம். பெட்டியிலும் தலையிலும் 2000 வாட், 230 வோல்ட் என்று இருந்தது. சித்தி சொன்னது இரண்டு குறை: முக்கால் அண்டா தண்ணீர் சுட ரொம்ப நேரம் ஆகிறது, ஒருநாள் பித்தளை அண்டாவைத் தொட்டபோது சுள்ளென்று அடித்தது. இரண்டாவதைக் கேட்டதும் அன்றே போய்விட்டேன்.

பிளக்கைச் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துப் பார்த்தால் முதல் தப்பு அங்கேயே இருந்தது. அது 6 ஆம்பியர் பிளக். 2000ஐ 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர் வருகிறது. 2000 வாட் என்பது உண்மையானால் பிளக் சூடேறி உருகும், பிளக் சரியானால் 2000 வாட் பொய். எப்படிப் பார்த்தாலும் இரண்டில் ஒன்று தப்பு, இதைக் கடையில் நின்றுகொண்டே கண்டுபிடித்திருக்கலாம்.

அப்புறம் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, பிளக்கின் இரண்டு சிறிய பின்களுக்கு நடுவில் அளந்தேன். கணக்கு சுலபம். 230ஐ 230ஆல் பெருக்கினால் 52,900. அதை வாட்டால் வகுத்தால் வர வேண்டிய ஓம் கிடைக்கும். 2000 வாட்டுக்கு 26.5 ஓம் வர வேண்டும். மீட்டரில் வந்தது 35. 52,900ஐ 35ஆல் வகுத்தால் சுமார் 1500. ஆக அது 1500 வாட் ராடு, 2000 என்று அச்சடித்து 2000 வாட் விலைக்கு விற்றிருக்கிறார்கள். 15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட்டுக்கு 13 நிமிடம் போதும், 1500 வாட்டுக்கு 17, 18 நிமிடம் ஆகும். சித்தி சொன்னது சரிதான்.

அளக்கும்போது இரண்டு விஷயம். மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட வைத்தால் காட்டுகிற சிறு அளவை, 0.3 அல்லது 0.5 ஓம் இருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். ஐந்து பத்து விழுக்காடு வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், எந்த ராடிலும் கொஞ்சம் ஏறி இறங்கும். கால்வாசி குறைந்தால் அது ஏமாற்று.

"சுள்ளுனு அடிச்சதுக்கு என்ன காரணம்? எங்க வீட்டு எர்த் சரியில்லையா?"

சித்தி வீட்டில் எர்த் இருந்தது, ராடில்தான் இல்லை.

பிளக்கின் மேல்பக்கத்துப் பெரிய பின்தான் எர்த். மீட்டரின் ஒரு முனையை அதிலும் மறுமுனையை ராடின் உலோகக் குழாயிலும் வைத்தேன். ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்ட வேண்டும். மீட்டர் அசையவே இல்லை, அதாவது எர்த் பின்னுக்கும் குழாய்க்கும் தொடர்பே கிடையாது. பிளக்கில் மூன்று பின், வயருக்குள் இரண்டே கம்பி. மூன்றாவது பின் பார்வைக்கு மட்டும்.

குழாய்க்குள் சுருள் கம்பியைச் சுற்றி வெள்ளைப் பொடி ஒன்றை இறுக்கி அடைத்திருப்பார்கள், மக்னீசியம் ஆக்சைடு. காய்ந்திருக்கும்வரை அது மின்சாரத்தைக் குழாய்க்கு விடாது. ஆனால் அதற்கு ஈரம் இழுக்கும் குணம் உண்டு. குழாயின் வாய் சரியாக அடைக்கப்படாமல் இருந்தால், நம் ஊர் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் பொடி ஈரமாகி, மின்சாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குக் கசியும். எர்த் இருந்தால் கசிவு அந்த வழியே தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் அண்டாவில் காத்துக்கொண்டிருக்கும், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று தொடுகிறவர் வழியாகத் தரைக்குப் போகும். வாட் பொய்யாக இருப்பது பணத்துக்குக் கேடு, எர்த் இல்லாதது உயிருக்குக் கேடு. புகாரில் இரண்டையும் எழுதுங்கள், ஆனால் எர்த்தை முதலில் எழுதுங்கள்.

வீட்டு எர்த்தையும் பார்த்துவிடுங்கள். பழைய ஓட்டு வீடுகளில், குறிப்பாகத் தாழ்வாரத்தில் பின்னால் சேர்த்த பாயிண்டுகளில், மூன்று ஓட்டை சாக்கெட் வைத்துவிட்டு எர்த் கம்பி இழுக்காமல் விட்டிருப்பார்கள். அங்கே நல்ல ராடும் ஆபத்துதான். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று போடச் சொல்லுங்கள், அது கசிவைக் கண்டதும் மின்சாரத்தை வெட்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறிய பின்னுக்கும் குழாய்க்கும் நடுவில் மல்டிமீட்டர் எதுவும் காட்டவில்லை என்றால் கசிவு இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். மல்டிமீட்டர் சில வோல்ட்டில் அளக்கிறது. கசிவு 230 வோல்ட்டில்தான் தெரியும். அதற்கு 500 வோல்ட் மெக்கர் வேண்டும், நல்ல எலக்ட்ரீஷியனிடம் இருக்கும். இந்தச் சோதனை எல்லாமே பிளக் சாக்கெட்டை விட்டு வெளியே இருக்கும்போது மட்டும்.

"புகார் கொடுக்கணும்னா எங்க போறது? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

எந்த மாதிரிக் குறை, உங்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பொறுத்து வாசல் மாறும். இது தெரியாமல் ஒரே இடத்தில் தட்டிவிட்டு "ஒண்ணும் நடக்கலை" என்பவர்கள் அதிகம்.

முத்திரையே இல்லை, அல்லது முத்திரை போலி என்றால் அது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் வேலை. BIS Care செயலியிலேயே புகார் கொடுக்கும் இடம் இருக்கிறது. சோதனை போட்டுச் சரக்கைப் பறிமுதல் செய்ய அவர்களுக்கு அதிகாரம் உண்டு. சட்டத்தின் 29ஆம் பிரிவு இதற்கு இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது முதல் தடவைக்கு 2 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம் என்கிறது. ஆனால் அந்த வழியில் உங்கள் ராடுக்குக் கொடுத்த பணம் உங்கள் கைக்கு வராது.

முத்திரை உண்மை, உரிமம் நடப்பில் இருக்கிறது, ஆனாலும் பொருள் சரியில்லை என்றால் அப்போதும் அதே செயலிதான், ஆனால் தரக்குறைவுப் புகாராகக் கொடுக்க வேண்டும். உரிமம் வைத்திருக்கிற கம்பெனி அமைவனத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது, அதனால் இந்த வகையில் பொருளை மாற்றித் தர வைப்பதற்கு வழி இருக்கிறது.

பணம் திரும்ப வேண்டுமென்றால் 1915. தேசிய நுகர்வோர் உதவி எண், காலை 8 மணியிலிருந்து இரவு 8 மணிவரை, தமிழிலேயே பேசலாம். consumerhelpline.gov.in தளத்திலும் பதிவு செய்யலாம். அவர்கள் கடைக்கோ கம்பெனிக்கோ புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். கட்டளையிடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது, அதைத் தெரிந்துகொண்டு போங்கள். கம்பெனி அசையாவிட்டால் அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்.

பெட்டியில் தயாரிப்பாளர் முகவரியே இல்லை, விலையோ மாதமோ இல்லை என்றால் அது சட்டமுறை எடையளவு விதிகளில் வரும். நம் மாநிலத்தில் அதைப் பார்ப்பது தொழிலாளர் துறை, மாவட்டத்தில் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகம்.

"புகார்ல என்ன எழுதணும்? எனக்கு அவ்வளவா எழுத வராது."

நீளமாக வேண்டாம். கோபத்தைக் குறைத்து, பார்த்ததை மட்டும் எழுதுங்கள். சித்திக்காக நான் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"கார்த்திகை மாதம் இன்ன தேதியில் கும்பகோணத்தில் இன்ன கடையில் இந்த ஹீட்டர் ராடை வாங்கினேன். ரசீது இணைத்துள்ளேன். ராடின் மேல் ஐஎஸ்ஐ முத்திரையோ CM/L எண்ணோ இல்லை. வயரில் IS 694, பிளக்கில் IS 1293 முத்திரை மட்டும் உள்ளது. வயருக்குள் இரண்டு கம்பி மட்டுமே உள்ளதால் எர்த் பின் குழாயோடு இணைக்கப்படவில்லை. பாத்திரத்தைத் தொட்டபோது ஷாக் அடித்தது. 2000 வாட் என்று போட்டிருக்கிறது, பிளக் 6 ஆம்பியர், அளந்தால் 35 ஓம் வருகிறது. இதே ராடுகள் அந்தக் கடையில் இன்னும் விற்பனையில் உள்ளன."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒரு ராடு என்றால் ஒரு குறை, கடையில் அடுக்கியிருக்கிறது என்றால் போய்ப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. நான் மறுபடி கடைக்குப் போய் எத்தனை பெட்டி இருக்கிறது என்று தோராயமாக எண்ணிவிட்டு வந்துதான் அந்த வரியை எழுதினேன். கடையின் கதவு எண், தெரு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சேருங்கள்.

படங்கள்: பெட்டியின் ஆறு பக்கமும், ராடின் தலை நெருக்கத்தில், வயரில் உள்ள எழுத்து, பிளக்கின் பின்பக்கம். எழுத்து தேய்ந்திருந்தால் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து எடுத்தால் தெரியும். உங்கள் பெயர் கடைக்காரருக்குத் தெரியக் கூடாது என்றால் அதையும் புகாரிலேயே எழுதிக் கேளுங்கள்.

"பில் கொடுக்கலையே, அப்ப ஒண்ணும் பண்ண முடியாதா?"

முடியும். பில் கொடுக்காததே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நியாயமற்ற வணிக முறை என்று சொல்லப்பட்டிருக்கிறது, அதுவும் உங்கள் புகாரில் ஒரு வரி. போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவில் தேதி, தொகை, கடைப்பெயர் இருக்கும், படம் எடுத்து வையுங்கள். முத்திரை இல்லை என்ற புகாருக்கு பில் இல்லாமலும் தகவல் கொடுக்கலாம், கடையில் சரக்கு இருப்பதுதான் அங்கே முக்கியம். பணம் கேட்கும்போதுதான் பில் இல்லாதது இடிக்கும்.

அடுத்த முறை பில் வாங்கும்போது "ஹீட்டர் - 1" என்று எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெயரும் வாட்டும் எழுதச் சொல்லுங்கள்.

"கடைக்காரர் பணத்தைத் தர்றேன், ராடைக் கொடுத்துடுங்கங்கிறார். கொடுக்கலாமா?"

சித்தி வீட்டிலும் இதே கதைதான். 1915இல் பதிவு செய்த சில நாளில் கடையிலிருந்து போன் வந்தது, பணம் தருகிறோம், பொருளைக் கொண்டுவாருங்கள் என்று.

பணம் வாங்குவது உங்கள் உரிமை. ஆனால் ராடு கையை விட்டுப் போனால் சான்றும் போய்விடும், அதைவிட, அந்த ராடே துடைத்துப் பெட்டியில் போட்டு வேறு ஒரு வீட்டுக்குப் போகலாம். எனக்கு அதுதான் மனதை உறுத்தியது. அதனால் முதலில் அமைவனத்திடம் புகாரைப் பதிவு செய்து எண் வாங்கினோம். மீட்டர் வைத்து அளப்பதை ஒரே தொடர்ச்சியாக வீடியோ எடுத்தோம், வீடியோவில் ராடின் தலையும் பில்லும் தெரியும்படி. அப்புறம்தான் கடைக்குப் போனோம். பணம் வாங்கிக்கொண்டு, "குறைபாடு காரணமாகத் திரும்பப் பெறப்பட்டது" என்று பில்லின் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துக் கேட்டோம். முதலில் மறுத்தார், பிறகு போட்டார். ஷாக் அடித்து யாருக்காவது காயம் ஆகியிருந்தால் இப்படிச் செய்யாதீர்கள், ராடை யாருக்கும் கொடுக்காமல் பத்திரமாக வைத்திருங்கள், ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும்படி ஆகலாம்.

இதே காரணத்துக்காகத்தான் ராடைப் பிரிக்க வேண்டாம் என்கிறேன். பிளக்கைத் திருகிக் கழற்றினால்கூட "நீங்கதான் உள்ள கை வச்சீங்க" என்பார்கள். வெளியே இருந்து அளப்பதே போதும். வார்த்த பிளக்காக இருந்தால் வயருக்குள் எத்தனை கம்பி என்று அறுத்துப் பார்க்க ஆசை வரும், வேண்டாம். எர்த் பின்னில் தொடர்பு இல்லை என்று மீட்டர் சொல்லிவிட்டது. சித்தி வீட்டு ராடில் தலைக்குள் நுழையும் இடத்தில் வயரின் மேலுறை விலகி உள்ளே தெரிந்ததால்தான் இரண்டு கம்பி என்று எழுத முடிந்தது.

"நுகர்வோர் ஆணையத்துக்குப் போனா வக்கீல் வைக்கணுமா, செலவு எவ்வளவு?"

வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் கட்டணம் இல்லை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினத்தில் மாவட்ட ஆணையங்கள் இருக்கின்றன. பொருளைச் சென்னையில் வாங்கியிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

நேர்மையாகச் சொன்னால், சில நூறு ரூபாய் ராடுக்காக மட்டும் அந்த அலைச்சல் தேவைப்படாது, 1915இலேயே பாதி முடியும். காயம், மருத்துவச் செலவு, வேலைக்குப் போக முடியாத நாள்கள் என்று இருந்தால் கட்டாயம் போங்கள், தயங்காதீர்கள்.

"ஆன்லைன்ல வாங்கினேன், விக்கிறவன் எங்க இருக்கான்னே தெரியலை."

ஆர்டர் பக்கத்தில் விற்பனையாளர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. பொருளின் பக்கம் மாறிவிடும், சில நேரம் புகார் போனதும் காணாமலே போகும், அதனால் முதல் வேலையாகப் பக்கத்தை முழுவதும் படம் எடுத்து வையுங்கள். தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாகச் சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். மற்றபடி வழி எல்லாம் மேலே சொன்னதுதான்.

"திருவிழாவில் வாங்கின பொம்மைக்கும் ஐஎஸ்ஐ வேணுமா?"

வேண்டும். 2021 ஜனவரி 1 முதல் 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு முத்திரை கட்டாயம். பேட்டரி, லைட், சத்தம் உள்ளதற்கு IS 15644, சாதாரணப் பொம்மைக்கு IS 9873. சரிபார்ப்பதும் புகார் செய்வதும் ராடுக்குச் சொன்ன மாதிரியேதான். 2023 ஜனவரியில் நாட்டின் பெரிய கடைகளிலும் விமான நிலையங்களிலும் சோதனை போட்டு முத்திரையில்லாத 18,600 பொம்மைகளைப் பறிமுதல் செய்தார்கள், எனவே பளபளப்பான கடை என்றால் சரியாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம்.

நாகூர் கந்தூரியிலும், மயிலாடுதுறை கடைமுகத்திலும் தரையில் விரித்து விற்கும் விளக்கெரிகிற பம்பரம், பேசுகிற போன் இவற்றில் நான் முதலில் பார்ப்பது பேட்டரி மூடியை. உள்ளே பொத்தான் மாதிரி வட்டப் பேட்டரி இருந்தால், மூடி திருகாணி போட்டு மூடியிருக்க வேண்டும், ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் திறக்கக் கூடாது. நகத்தால் நெம்பினால் திறக்கிறது என்றால் அந்தப் பொம்மையை வீட்டுக்கே கொண்டுவராதீர்கள். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் நின்றுவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரிக்க ஆரம்பித்துவிடும். வாந்தி எடுக்க வைக்க முயல வேண்டாம், காலையில் பார்க்கலாம் என்று படுக்கவும் வேண்டாம், எக்ஸ்ரே வசதி இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு உடனே போங்கள், அதே மாதிரி இன்னொரு பேட்டரி இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே என்றால் கழன்று வருகிற துண்டுகளையும் பாருங்கள். சோதனைக்கூடத்தில் 31.7 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு சிறிய உருளை வைத்திருப்பார்கள், அதற்குள் முழுதாக அடங்குகிற துண்டு அந்த வயதுக்கு ஆகாது. பத்து ரூபாய் நாணயம் 27 மி.மீ. அதைவிடக் கொஞ்சம் பெரிய வட்டம் என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

"அப்ப தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையும் சட்டவிரோதமா?"

இல்லை. கைவினை ஆணையரகத்தில் பதிவு செய்த கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருளாக அதற்குப் பதிவு பெற்றவர்கள் செய்பவற்றுக்கும் இந்த ஆணையிலிருந்து 2020 டிசம்பரிலேயே விலக்குக் கொடுத்துவிட்டார்கள். தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு உண்டு. மண்ணும் காகிதக்கூழும் வைத்துச் செய்கிற அந்தப் பொம்மையில் முத்திரை இல்லை என்று யாரும் புகார் கொடுத்துவிடாதீர்கள். அதே உருவத்தைப் பிளாஸ்டிக்கில் வார்த்து, உள்ளே விளக்கு வைத்து எங்கிருந்தோ வருகிறது, அதற்கு இந்த விலக்கு கிடையாது.

"நான் சின்னதா எலக்ட்ரிகல் கடை வச்சிருக்கேன். இதெல்லாம் படிச்சா பயமா இருக்கு. என்ன பண்றது?"

மொத்த வியாபாரியிடம் சரக்கு எடுக்கும்போது பில்லில் பெயர், வாட், முடிந்தால் CM/L எண் எழுதி வாங்குங்கள். ஒரு பெட்டியைப் பிரித்து ராடின் தலையைப் பாருங்கள், செயலியில் போட்டுப் பாருங்கள், இரண்டு நிமிட வேலை. உரிமம் இல்லாத சரக்கு ஏற்கெனவே அலமாரியில் இருந்தால் இன்றைக்கே இறக்கி, பில்லோடு மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்புங்கள். அவர் எடுக்க மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், அந்தக் கடிதம் நாளைக்கு உங்களுக்கு உதவும். தயாரித்தவர் யார் என்று காட்ட முடியாமல் விற்றால், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழும்.

"இப்ப வீட்ல அப்படி ஒரு ராடு ஓடிக்கிட்டிருக்கு. மாத்துற வரைக்கும் பார்த்துப் பயன்படுத்தலாமா?"

எர்த் தொடர்பு இல்லையென்றால் வேண்டாம், ஒரு நாளும் வேண்டாம். சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வைக்கிறோம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், குழந்தைக்கும் வயதானவருக்கும் அது நினைவிருக்காது. ராடைப் பெட்டியில் போட்டு, பில்லை உள்ளே வைத்து, மேலே தேதி எழுதிப் பரணில் வையுங்கள். புகார் முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும், தண்ணீரை அடுப்பில் வையுங்கள்.